திருத்தப் பக்கத்தில் நான்கும் சரி: ஏழாம் வகுப்பில் ஒரு தசம எண் நிகழ்வு ஆய்வு

திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு எடுக்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். மீதிப் பாதியில் மாடு இருக்கிறது. இங்கே எழுதப்போவது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் திருத்த நோட்டைப் பற்றி. அவள் திருத்தி எழுதிய நான்கு விடைகளும் சரி. காரணமும் எழுதியிருந்தாள், அதிலும் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவளுடைய தவறான புரிதல் தீரவில்லை. ஒரு தவறு இருந்த இடத்தில் அதற்கு நேர் எதிரான இன்னொரு தவறு வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் பருவத்தில் தசம எண் பாடம் முடிந்ததும், வளரறி மதிப்பீட்டுக்காக ஒரு சிறு தேர்வு வைத்தேன். மூன்றாவது கேள்வி, "> அல்லது < குறியிடுக". அதில் ஐந்து ஜோடிகள்:

0.8, 0.375
2.6, 2.47
4.35, 4.7
1.52, 1.39
0.5, 0.125

அவள் நான்காவதை மட்டும் சரியாகப் போட்டிருந்தாள். மற்ற நான்கிலும் 0.375, 2.47, 4.35, 0.125 ஆகியவைதான் பெரியவை என்று குறியிட்டிருந்தாள். இந்தத் தவறு கணக்கு வாத்தியார்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தனி முழு எண்ணாகப் படித்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் 0.375 என்பதை "புள்ளி முந்நூத்தி எழுபத்தஞ்சு" என்றே வாசிப்பார்கள். முந்நூற்று எழுபத்தைந்துக்கு முன்னால் எட்டு என்ன ஆகும்? நீளமான எண் பெரிய எண் என்று ஆகிவிடுகிறது. நான்காவது ஜோடியில் இரண்டுக்கும் ஒரே நீளம். 52-ம் 39-ம் மோதினால் 52 ஜெயிக்கும், அதனால் அது சரியாக வந்தது. அது அவளுக்குத் தெரிந்து வந்த விடை அல்ல.

பேப்பரைக் கொடுத்த அன்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாக இரண்டு நிமிடம் பேசினேன். "எத்தனை இலக்கம் இருக்குன்னு பார்க்காதீங்க. பத்தில் ஒன்று பெரிய துண்டு, நூறில் ஒன்று அதைவிடச் சின்னது, ஆயிரத்தில் ஒன்று இன்னும் சின்னது" என்றேன். தவறான விடைகளை நோட்டில் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதிவரச் சொன்னேன். சரியான விடையை மூன்று தடவை எழுதும் பழக்கத்தை நான் விட்டு வெகுநாள் ஆகிறது. எழுத்துப்பிழைக்கு அது உதவலாம். குறியைத் திருப்பிப் போடும் கணக்கில் மூன்று தடவை எழுதினால் மூன்று தடவை திருப்பிப் போட்டதாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவள் நோட்டு வந்தது. அழகான கையெழுத்து. 0.8 > 0.375. கீழே ஒரு வரி: "பத்தில் ஒன்று பெரியது, ஆயிரத்தில் ஒன்று சிறியது. எனவே 0.8 பெரியது." அடுத்தது 2.6 > 2.47. "பத்தில் ஒன்று பெரியது, நூறில் ஒன்று சிறியது. எனவே 2.6 பெரியது." நான்குமே இந்த மாதிரிதான். சிவப்புப் பேனாவைத் திறந்து, தேதி போட்டு, கையெழுத்தின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டேன்.

அங்கேதான் நின்றது கை. அந்த வரியில் 8 எங்கே? 3 எங்கே? நான்கு காரணங்களையும் மறுபடி படித்தேன். ஒன்றில்கூட அந்த ஜோடியின் இலக்கம் வரவில்லை. 0.8-க்குப் பதில் அங்கே 0.1 இருந்திருந்தாலும் அவள் அதே வரியைத்தான் எழுதியிருப்பாள். 0.1, 0.375 என்ற ஜோடிக்கு அந்த வரி தவறான விடையைக் கொடுக்கும். ஒரு காரணத்தின் எண்களை மாற்றிப் பார்த்தும் வரி அப்படியே நிற்கிறது என்றால், அது அந்த எண்களைப் பார்த்து எழுதிய காரணம் அல்ல.

அதற்கப்புறம் என் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். தப்பு என்னிடம் இருந்தது. நீளம் வேறுபடும் ஜோடிகள் நான்கு. நான்கிலுமே குட்டையான எண்தான் பெரியது. "நீளமானது பெரியது" என்று நினைப்பவர்களைப் பிடிக்க வேண்டும் என்றே அப்படி எடுத்திருந்தேன், பிடித்தும்விட்டேன். ஆனால் "குட்டையானது பெரியது" என்று நினைக்கும் பிள்ளை அதே தாளில் ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடும். திருத்தமும் அதே ஜோடிகளில்தான் நடக்கிறது. ஆகவே ஒரு தவறான விதியிலிருந்து மற்றொரு தவறான விதிக்குத் தாவிய பிள்ளையும், உண்மையில் புரிந்துகொண்ட பிள்ளையும் ஒரே மாதிரித் திருத்தப் பக்கத்தைத்தான் தருவார்கள்.

இன்னொன்றும் உண்டு. இருப்பதே இரண்டு குறிகள். ஒன்று தவறு என்று நான் சிவப்பில் அடித்துவிட்டால், மற்றதுதான் சரி என்று யாருக்கும் தெரியும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதக்கூடத் தேவையில்லை. என்னுடைய பெருக்கல் குறியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆகவே அந்த நான்கு சரியான குறிகளை வைத்து அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் எதுவும் சொல்ல முடியாது. காரணம் எழுதச் சொன்னதால்தான் இந்தச் சந்தேகமாவது வந்தது.

சந்தேகம் மட்டும் போதாதே. அவள் எந்த விதியில் நிற்கிறாள் என்று தெரிய வேண்டும். அன்று சாயங்காலம் ஒரு துண்டுத் தாளில் ஆறு புதிய ஜோடிகள் எழுதினேன். எழுதும்போதே, ஒவ்வொரு விதிக்காரர் என்ன விடை போடுவார் என்பதைப் பக்கத்தில் குறித்துவைத்தேன். விடை வந்த பிறகு "இப்படி நினைத்திருப்பாளோ" என்று ஊகிக்க ஆரம்பித்தால் எதையும் எப்படியும் விளக்கிவிடலாம். முன்கூட்டியே எழுதிவைத்தால் அந்த இடம் நமக்கு இருக்காது. இந்த முறை சமம் என்றால் = போடலாம் என்றும் சொன்னேன். கடைசி நிரல் மறுநாள் அவள் போட்டது.

| ஜோடி | சரியான விடை | நீளமானது பெரியது | குட்டையானது பெரியது | அவள் விடை |
|---|---|---|---|---|
| 0.3, 0.457 | 0.457 | 0.457 | 0.3 | 0.3 |
| 0.6, 0.59 | 0.6 | 0.59 | 0.6 | 0.6 |
| 5.71, 5.17 | 5.71 | 5.71 | 5.71 | 5.71 |
| 0.4, 0.40 | சமம் | 0.40 | 0.4 | 0.4 |
| 2.08, 2.3 | 2.3 | 2.08 | 2.3 | 2.3 |
| 7.25, 7.1 | 7.25 | 7.25 | 7.1 | 7.1 |

மதிப்பெண் போட்டிருந்தால் ஆறுக்கு மூன்று. பழைய விதியில் நின்றிருந்தாலும் ஆறுக்கு மூன்றுதான் வந்திருக்கும். அதனால் இதில் எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை, எந்த மூன்று என்று பார்க்க வேண்டும். அவளுடைய ஆறு விடைகளும் "குட்டையானது பெரியது" என்ற நிரலோடு ஒன்றுவிடாமல் பொருந்தின.

மூன்றாவது ஜோடி எல்லா விதிக்கும் சரியாகத்தானே வருகிறது, அதை எதற்கு வைக்க வேண்டும் என்று தோன்றலாம். குட்டையானதைப் பெரியது என்பவர்களிலும் இரண்டு வகை உண்டு. சிலர் புள்ளிக்குப் பின்னால் வருவதையே தலைகீழாக நினைப்பார்கள். எண் கூடக் கூட மதிப்பு குறையும் என்று 5.17-ஐப் பெரியது என்பார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. துண்டுகள் ஒரே அளவாக இருந்தால் அவளுக்கு எண்ணத் தெரிகிறது. துண்டின் அளவு வேறுபடும்போதுதான் எண்ணிக்கையை விட்டுவிடுகிறாள். அடுத்து என்ன செய்வது என்பதற்கு இந்த ஒரு தகவல் எனக்கு மிகவும் உதவியது.

இந்த மாதிரி ஜோடிகளை வகைபிரித்து, விடைகளின் அமைப்பை வைத்துப் பிள்ளையின் எண்ணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் விரிவாகச் செய்திருக்கிறார்கள். நீளமானது பெரியது, குட்டையானது பெரியது என்ற இரண்டு பிரிவுகளும் அவர்களுடைய வகைப்பாட்டில் உண்டு. என் ஆறு ஜோடி அதன் சின்ன உருவம்தான். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

மதிய உணவு முடிந்து மற்றவர்கள் வெளியே விளையாடும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். பேசியதை அன்றே எழுதிவைத்தேன்.

"7.25, 7.1. இதுல எது பெருசு கண்ணு?"

"7.1-ங்க டீச்சர்."

"எப்படிச் சொல்ற?"

"7.1-ல பத்துல ஒண்ணு வருதுங்க. 7.25-ல நூறுல ஒண்ணு. நூறுல ஒண்ணுன்னா சின்னத் துண்டுங்களே. நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

நான் சொன்னதுதான். அவள் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

"சரி. அந்தச் சின்னத் துண்டு எத்தனை இருக்கு?"

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தாள். "இருபத்தஞ்சுங்க."

"பெரிய துண்டு?"

"ஒண்ணுங்க." பிறகு அவளாகவே, "ஆனா டீச்சர், நூல் அப்படித்தானுங்க. எங்கப்பா சொல்லுவாரு. முப்பதாம் நம்பரை விட நாப்பதாம் நம்பர் மெலிசுங்க. நம்பர் ஏற ஏற மெலிசாகும். இதுலயும் இலக்கம் ஏற ஏறச் சின்னதாத்தானுங்க போகும்?"

நூல் நம்பரை அவள் சரியாகவே சொன்னாள். பருத்தி நூலில் ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறது என்பதுதான் நம்பர். அதே எடையில் அதிக நீளம் வர வேண்டுமென்றால் நூல் மெலிந்துதான் ஆக வேண்டும். வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்த ஒரு உண்மை, நான் வகுப்பில் சொன்ன அரைகுறை வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்த்தபோது அவளுக்குக் கிடைத்தது தவறான விதி. வேறு ஊரில் வேறு பிள்ளைக்கு இது பின்னத்திலிருந்து வரலாம். பத்தில் ஒன்றை விட நூறில் ஒன்று சின்னது என்ற பாடமே போதும்.

இந்த இடத்தில் பால் சொசைட்டிச் சீட்டை எடுத்துப் பேசலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அன்றாடத்தில் தசமம் பார்க்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். சீட்டில் கொழுப்பு 4.2, 3.9 என்று ஒரே இலக்கத்தில் வரும். ரூபாய்க்கு எப்போதும் இரண்டு இலக்கம். கடைத் தராசில் 0.750, 1.200 என்று மூன்று இலக்கம். எங்கும் நீளம் ஒன்றாகவே இருக்கிறது. நீளம் ஒன்றாக இருக்கும்வரை முழு எண்ணாக நினைத்துக்கொண்டாலும் விடை சரியாக வரும். நீளம் வேறுபடும் தசமங்களைப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே சந்திக்கிறார்கள். ஆகவே "வாழ்க்கையோடு தொடர்புபடுத்து" என்று இங்கே சீட்டைக் காட்டினால் தவறான விதிக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

அவளுடைய சிக்கல் என்ன என்பதை இப்போது ஒரே வரியில் சொல்ல முடிந்தது. 0.457 என்றால் அவளுக்கு ஆயிரத்தில் ஒன்றுகள் மட்டுமே. அந்த எண்ணுக்குள் பத்தில் ஒன்றுகளும் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியவில்லை. கடைசி இலக்கத்தின் இடத்தை எண்ணின் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரை வைத்தே அளவைத் தீர்மானிக்கிறாள். "இலக்கத்தைப் பார்க்காதே" என்று நான் திரும்பச் சொன்னால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அவள் பார்க்க வேண்டியதே இலக்கத்தைத்தான்.

மறுநாள் பில் போடும் பேப்பர் ரோலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை கிழித்துக்கொண்டு போனேன். பனியன் துணிக் கட்டிங் எங்கள் ஊரில் எங்கும் கிடைக்கும், முதலில் அதைத்தான் நினைத்தேன். அது இழுத்தால் நீளும். அளவு காட்ட ஆகாது. தையல் டேப்பை வைத்து அவளையே பட்டையைப் பத்துச் சம பாகமாகக் கோடு போடச் சொன்னேன். ஒரு பாகம் 10 சென்டிமீட்டர், அதுதான் மீட்டரில் பத்தில் ஒன்று. அதில் ஒரு பாகத்தை மட்டும் மறுபடி பத்தாகப் பிரித்தாள். ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர், மீட்டரில் நூறில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுக்கு மில்லிமீட்டர் டேப்பிலேயே இருக்கிறது.

0.3 மீட்டருக்கு மூன்று பாகம் எண்ணிக் கோடு போட்டாள். 0.457-க்கு என்ன செய்வதென்று சற்று நின்றாள். "நானூத்தி அம்பத்தேழு மில்லிமீட்டர்" என்று டேப்பைப் பிடித்து, 45 சென்டிமீட்டர் தாண்டி ஏழு கோடு எண்ணி வைத்தாள். அந்தப் புள்ளி 0.3-ஐத் தாண்டிப் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியத்தைவிடச் சந்தேகம்தான் இருந்தது. டேப்பைச் சரியாகப் பிடித்தோமா என்று மறுபடி முதலிலிருந்து அளந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

"இப்போ உன் கோட்டுக்குள்ள பெரிய பாகம் முழுசா எத்தனை வந்திருக்கு?"

எண்ணினாள். "நாலுங்க." பட்டையில் விரலை வைத்தபடியே, "அந்த நாலு இதுலயே எழுதியிருக்குங்க டீச்சர். புள்ளிக்கு அப்புறம் முதல்ல நாலு."

அந்த வரியைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அதை அவளே சொன்னதால் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்புறம் 7.25-ஐயும் 7.1-ஐயும் ஏழு மீட்டரை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பட்டையில் வைத்துப் பார்த்தாள். 0.4, 0.40 ஜோடிக்கு இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

பட்டையில் சரியாக வந்ததைப் புரிந்ததன் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் பொருள் இருக்கும்போது பொருளே விடையைக் காட்டிவிடும். ஆகவே பட்டையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, இரண்டாவது திருத்தம் எழுதச் சொன்னேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். முதலில், பழைய நான்கு ஜோடிகளுக்கும் காரணத்தை மறுபடி எழுத வேண்டும். ஆனால் எந்த இலக்கத்தை எந்த இலக்கத்தோடு ஒப்பிட்டாய் என்பது வரியில் வர வேண்டும். இரண்டாவது, "குட்டையானது பெரியது" என்ற விதி தற்செயலாகச் சரியாக வரும் ஒரு ஜோடியையும், தவறாக வரும் ஒரு ஜோடியையும் அவளே உருவாக்க வேண்டும்.

முதல் பகுதியில் எழுதினாள்: "0.8-ல் பத்தில் ஒன்று 8 இருக்கிறது. 0.375-ல் பத்தில் ஒன்று 3தான் இருக்கிறது. 8 பெரியது. மீதி 75 சேர்ந்தாலும் இன்னொரு பத்தில் ஒன்று ஆகாது." கடைசி வாக்கியம் நான் கேட்காதது. பழைய வரியோடு இதை வைத்துப் பாருங்கள். இதில் 0.8-ஐ 0.1 என்று மாற்றினால் வரியும் மாறியாக வேண்டும்.

இரண்டாவதுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு ஜோடி எழுதி அடித்திருந்தாள். கடைசியில், "விதி சரி: 0.9, 0.12. விதி தப்பு: 0.2, 0.95." தன் பழைய எண்ணம் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று ஒரு பிள்ளையால் ஜோடி எடுக்க முடிந்தால், அந்த எண்ணத்துக்கு வெளியே வந்து அதைப் பார்க்கிறது என்று நம்பலாம். குறி போடும் இருபது கணக்கைவிட இந்த இரண்டு ஜோடிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இருந்தும் அன்று கையெழுத்துப் போடவில்லை. பேசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டை இன்னும் அவள் கண்ணிலேயே இருக்கும்.

அவளைப் போலவே அதே நான்கைத் தவறவிட்ட மற்றவர்களுக்கும் ஆறு ஜோடித் துண்டுத் தாளைக் கொடுத்தேன். சிலர் பழைய விதியிலேயே நின்றார்கள். குறியை மட்டும் திருப்பியிருந்தார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு வேறு வழி, அது இங்கே வேண்டாம். ஒரு பையனை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் துண்டுத் தாளுக்கு அவன் பிடிபடவில்லை.

அவன் ஆறையும் சரியாகப் போட்டான். காரணமும் தெளிவு: "பூஜ்யம் சேர்த்துச் சமமாக்க வேண்டும். 0.300, 0.457. 457 பெரியது." டியூஷனில் சொல்லிக்கொடுத்த முறை. முறையில் குற்றமில்லை, எப்போதும் சரியான விடை தரும். "பூஜ்யம் சேர்த்தா எண்ணு மாறாதா சாமி?" என்று கேட்டேன். "மாறாதுங்க டீச்சர், அப்படித்தான் ரூல்" என்றான். சரி என்று 0.8 + 0.15 போடச் சொன்னேன். 0.23 என்று எழுதினான். எட்டும் பதினைந்தும் இருபத்துமூன்று. ஒப்பிடும்போது மட்டும் பூஜ்யம் சேர்க்கிறான், கூட்டும்போது புள்ளிக்குப் பின்னால் வருவது அவனுக்கு இன்னும் முழு எண்தான். ஒப்பிடும் ஜோடிகளை எத்தனை கவனமாக எடுத்தாலும் இவனைப் போன்றவர்களை அது காட்டாது. அதே புரிதல் தேவைப்படும் வேறொரு வேலையைக் கொடுத்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு துண்டுத் தாளின் அடியில் ஒரு கூட்டலையும் சேர்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, வட்டத்தின் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தபோது, அன்றைய வீட்டுக் கணக்கோடு இரண்டு தசமக் கேள்விகளை நடுவில் நுழைத்தேன். தசமத் தேர்வு என்று சொன்னால் பிள்ளைகள் "டீச்சர் அன்னைக்குச் சொன்னாங்களே" என்று நினைவுபடுத்திக்கொண்டு எழுதுவார்கள். எதிர்பாராத இடத்தில் எந்த விதி கைக்கு வருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் கேள்வி, ஏறுவரிசையில் எழுதுக:

0.3, 0.29, 0.308, 0.31

குறி போடுவதைவிட வரிசைப்படுத்துவது நல்லது. நான்கு எண்களை 24 விதமாக அடுக்கலாம், குருட்டாம்போக்கில் சரியாக விழுவது அரிது. அதோடு இந்த நான்கு எண்களுக்கு ஒவ்வொரு விதியும் வெவ்வேறு வரிசையைத் தரும். நீளமானது பெரியது என்பவர் 0.3, 0.29, 0.31, 0.308 என்று எழுதுவார். குட்டையானது பெரியது என்பவர் 0.308, 0.29, 0.31, 0.3 என்பார். சரியான வரிசை 0.29, 0.3, 0.308, 0.31. விடையைப் பார்த்த உடனே யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அவள் 0.29, 0.3, 0.308, 0.31 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் பென்சிலில் 0.3-க்கு மேலே சின்னதாக இரண்டு பூஜ்யம் போட்டு அழித்த தடம் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன், டியூஷன் பையனின் முறையாக இருக்குமோ என்று. "இல்லீங்க டீச்சர், 0.308-ல நடுவுல பூஜ்யம் இருக்குதுங்களே, நூறுல ஒண்ணு ஒண்ணுமே இல்லைன்னு பார்க்கறதுக்குப் போட்டேனுங்க" என்றாள். 0.8 + 0.15-ஐயும் அங்கேயே கேட்டேன். 0.95 என்றாள்.

இரண்டாவது கேள்வி, 0.3-க்கும் 0.31-க்கும் இடையே ஓர் எண் எழுதுக. அதற்கு "இல்லை" என்று எழுதியிருந்தாள். முதல் கேள்வியில் 0.308-ஐ அந்த இரண்டுக்கும் நடுவில் அவளே வைத்திருக்கிறாள். இருந்தும் அடுத்த வரியில் இல்லை என்கிறாள். இது வேறு சிக்கல். எந்த இரண்டு தசமங்களுக்கு நடுவிலும் இன்னும் எண்கள் உண்டு என்பது ஒப்பிடத் தெரிவதிலிருந்து தானாக வந்துவிடாது. முதல் தேர்வில் அடித்த நான்கு சிவப்புக் குறிகளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால், இதை அந்தத் திருத்தத்தின் தோல்வியாக நான் எண்ணவில்லை.

முன்பு முதல் பக்கத்தில் ஓர் எழுத்தோடு நிறுத்தியிருந்த கையெழுத்தை இரண்டாவது திருத்தப் பக்கத்தில், "மீதி 75 சேர்ந்தாலும் இன்னொரு பத்தில் ஒன்று ஆகாது" என்ற வரிக்குக் கீழே போட்டேன். முதல் திருத்தப் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன், கிழிக்கவோ அடிக்கவோ சொல்லவில்லை. "இல்லை" என்று எழுதிய இடத்தில் சிவப்பால் அடிக்காமல், பென்சிலில் 0.308 என்று எழுதி ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தேன். பேப்பர் பட்டை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. திங்கட்கிழமை அவளையும் டியூஷன் பையனையும் சேர்த்து உட்காரவைத்து, 30 சென்டிமீட்டருக்கும் 31 சென்டிமீட்டருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அதிலேயே பார்க்கச் சொல்லப்போகிறேன்.